கற்பூரம் ஏன் எந்தப் பையிலும் போகாது? விமானப் பயணமும் பூஜைச் சாமான்களும்

கைப்பையில் வைத்திருந்த கற்பூர டப்பாவை வாங்கிக் குப்பையில் போட்டுவிட்டார்கள். செக்-இன் பெட்டியில் வைத்திருந்தால் தப்பியிருக்குமா?

தப்பியிருக்காது. நிறையப் பேர் நினைப்பது போல இது கைப்பைக்கு மட்டுமான தடை இல்லை. விமானப் போக்குவரத்தின் ஆபத்தான பொருட்கள் பட்டியலில் கற்பூரம் ‘எளிதில் தீப்பற்றும் திடப்பொருள்’ வகையில் வருகிறது (வகுப்பு 4.1, எண் UN 2717). வாசனைத் திரவியம், மருந்து போன்றவற்றுக்குப் பயணிகளுக்கென்று சில விலக்குகள் உண்டு. கற்பூரத்துக்கு அப்படி எதுவும் இல்லை.

காரணம் அதன் இயல்பிலேயே இருக்கிறது. டப்பாவில் வைத்த கற்பூரம் சில மாதங்களில் சிறுத்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். உருகாமலே ஆவியாகும் பொருள் அது. அந்த ஆவி சுமார் 66 டிகிரி செல்சியஸில் ஒரு பொறி பட்டாலே பற்றிக்கொள்ளும். கேபினில் புகை வந்தால் பக்கத்தில் ஆள் இருக்கிறார். கீழே சரக்கறையில் பெட்டிக்குள் பற்றினால் யாரும் போய் அணைக்க முடியாது. அதனால் ‘பெட்டியில் போட்டுவிடலாம்’ என்பது இன்னும் மோசமான யோசனை. ஸ்கேனில் பிடிபட்டால் உங்களைக் கூப்பிட்டுப் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள், இல்லையென்றால் பெட்டி விமானத்தில் ஏறாமலே நின்றுவிடும். போய் இறங்கும் ஊரில் வாங்கிக்கொள்வதுதான் வழி. பச்சைக் கற்பூரத்துக்கும் இதே கதைதான்.

சபரிமலை போகிறவர்களுக்குச் சலுகை தந்தார்களே, இருமுடியில் கற்பூரமும் இருக்குமே?

சலுகை தேங்காய்க்கு. வழக்கமாகக் கைப்பையில் அனுமதிக்காத தேங்காயை, 2024-ல் அந்தப் பருவத்துக்கு மட்டும் (2025 ஜனவரி 20 வரை) இருமுடிக்குள் கொண்டுபோக அனுமதித்தார்கள். அதுவும் எக்ஸ்ரே, வெடிபொருள் சோதனை, கையால் பரிசோதனை எல்லாம் முடிந்த பிறகு. கற்பூரம் அதில் சேராது. ஆகவே விமானத்தில் கொண்டுபோகும் இருமுடியைக் கற்பூரம் வைக்காமலே கட்டச் சொல்லுங்கள். கட்டிய பிறகு பாதுகாப்புச் சோதனையில் அவிழ்க்க நேர்ந்தால் மனசுக்கும் சங்கடம், பின்னால் நிற்கும் வரிசைக்கும் சங்கடம். தேங்காய்ச் சலுகையும் நிரந்தரமானது இல்லை, கிளம்புவதற்கு முன் விமான நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு ஜோடி குத்துவிளக்கும் சின்னப் பிள்ளையாரும் கைப்பையில் போகுமா?

பித்தளைச் சாமானுக்குப் பொதுவான தடை இல்லை, ஆனால் சோதனை உண்டு. கெட்டியான உலோகத்தை எக்ஸ்ரே சரியாக ஊடுருவாது. திரையில் அது கருநீலக் கட்டியாகத் தெரியும்; அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கிறவருக்குத் தெரியாது. பையைத் தனியாக எடுத்துவைப்பது அதற்காகத்தான், விக்கிரகத்தின் மேல் சந்தேகப்பட்டு இல்லை.

உங்கள் விளக்கைப் பாகம் பாகமாகத் திருகிக் கழற்றுங்கள். தகழியில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்து, பழைய திரியை எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு பாகத்தையும் மெல்லிய துணியில் சுற்றி, எல்லாவற்றையும் ஒரே சிறு பையில் போட்டு, கைப்பையின் மேல்பக்கத்தில் வையுங்கள். சார்ஜர், லேப்டாப் பக்கத்தில் வேண்டாம். பிள்ளையாரையும் விளக்கையும் தட்டில் தனியாக வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஒரு சிறு துணித்துண்டால் தடவி இயந்திரத்தில் வைத்துப் பார்ப்பார்கள். அதற்குச் சில நொடிகள்தான் ஆகும்.

முனைதான் சிக்கல். உச்சி கூராக இருந்தாலோ, தண்டு கையில் பிடித்து அடிக்கக்கூடிய கனத்தில் இருந்தாலோ, ஆயுதமாகப் பயன்படலாம் என்று மறுக்க அங்கிருக்கும் அதிகாரிக்கு உரிமை உண்டு. என்னைக் கேட்டால், முழ உயரத்துக்கு மேற்பட்ட விளக்கைச் செக்-இன் பெட்டியில் போட்டுவிடுவதே நல்லது. வேல், சூலம் எவ்வளவு சின்னதானாலும் கைப்பையில் வேண்டாம்.

பரம்பரையாக வந்த பழைய விக்கிரகம் என்றால் வேறு கவலை: நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சிலையைத் தனியார் யாரும் இந்தியாவை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது, 1972-ம் ஆண்டுச் சட்டம் அது. பழசாகத் தோன்றும் புதுச் சிலைக்கு, அது தொல்பொருள் இல்லை என்று தொல்லியல் துறையிடம் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் மகளுக்கு ஒரு கிலோ விபூதி கொண்டுபோகிறேன்.

பெட்டியில் போடுங்கள். அமெரிக்கா போகும் விமானங்களில் கைப்பையில் சுமார் 350 மில்லிக்கு மேல் பொடி இருந்தால் தனிச் சோதனைக்குப் போகும், அதில் சந்தேகம் தீரவில்லை என்றால் பொடியை உள்ளே விடமாட்டார்கள். ஆஸ்திரேலியாவிலும் கனிமப் பொடிகளுக்கு இதே அளவு வரம்பு. சாம்பலும் கனிமப் பொடிதான். வழியில் பூசிக்கொள்ள ஒரு சிறிய பொட்டலம் கைப்பையில் இருந்தால் பிரச்சினை இல்லை. பெயர் அச்சிட்ட கடை உறையிலேயே இருக்கட்டும். வெள்ளைப் பொடியை அடையாளமில்லாத பிளாஸ்டிக் பையில் முடிந்து வைத்தால் கேள்வி வரத்தான் செய்யும்.

கங்கா தீர்த்தம், நெய்?

சர்வதேச விமானத்தில் இரண்டும் திரவக் கணக்குதான், உறைந்த நெய்யும் சேர்த்து. பாத்திரம் 100 மில்லிக்குள் இருக்க வேண்டும். அரை லிட்டர் செம்பில் கொஞ்சமாக ஊற்றிவைத்தால் செல்லாது, செம்பின் கொள்ளளவைத்தான் பார்ப்பார்கள்.