ஆயிரம் டாலரில் குறைந்தது எங்கே?

கேள்வி: வெளிநாட்டு கிளையன்ட் 1,000 டாலர் அனுப்பிவிட்டதாகச் சொல்கிறார். என் கணக்கில் ஏறியதோ கிட்டத்தட்ட ஐந்து சதவீதம் குறைவு. வங்கியில் கேட்டால், "நாங்கள் பிடித்தது சின்னத் தொகைதான்" என்கிறார்கள். மீதி எங்கே போனது?

பதில்: வங்கி சொல்வது உண்மையாகவே இருக்கலாம். கட்டணம் என்ற பெயரில் பிடிப்பது ஒரு பங்குதான். கிளையன்டின் வங்கிக்கும் உங்கள் வங்கிக்கும் நேரடித் தொடர்பு இல்லாவிட்டால், பணம் இடையில் வேறொரு வங்கி வழியாக வரும். அது தன் கட்டணத்தை வரும் தொகையிலேயே கழித்துக்கொள்ளும். அதன்பின் உங்கள் வங்கி டாலரை மாற்றும்போது, சந்தை விலையைவிடக் குறைத்துத் தருகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். அன்றைய சந்தை விலை ஒரு டாலருக்கு உங்கள் நாட்டுப் பணத்தில் 100 என்று வையுங்கள். இடை வங்கி 20 டாலர் எடுத்தால் வந்து சேர்வது 980. உங்கள் வங்கி 97.50 விலையில் மாற்றினால் 95,550. அதில் 300 கட்டணம் போக, கணக்கில் ஏறுவது 95,250. மொத்தக் குறைவு 4,750. அதில் இடை வங்கிக்குப் போனது 2,000. மாற்று விலையில் போனது 2,450. பாஸ்புக்கில் கட்டணமாகத் தெரிவது அந்த 300 மட்டுமே.

உங்கள் பணத்தில் எது எவ்வளவு என்று அறிய, பணம் அனுப்பியதற்கான ஸ்விஃப்ட் நகலை, அதாவது வங்கிகள் தங்களுக்குள் அனுப்பிக்கொள்ளும் செய்தியின் நகலை, கிளையன்டிடம் கேளுங்கள். அது MT103 என்ற செய்தி வடிவில் இருந்தால் 71A என்ற வரியைப் பாருங்கள். SHA என்றால் வழிக் கட்டணம் உங்கள் தலையில்; OUR என்றால் அனுப்புபவர் ஏற்கிறார். உங்கள் வங்கிக்கு எத்தனை டாலர் வந்தது, என்ன விலையில் மாற்றினார்கள் என்பதை வங்கியிடமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அடுத்த இன்வாய்ஸில் OUR முறையில் அனுப்பும்படி எழுதிவிடுங்கள். இடை வங்கிக் கட்டணம் பெரும்பாலும் தொகையைப் பொறுத்து மாறாது. 200 டாலரில் அதே 20 போனால் பத்து சதவீதம்! சின்ன இன்வாய்ஸ்களைச் சேர்த்து ஒரே தவணையாக வாங்குவது நல்லது. ஆனால் OUR போட்டாலும் மாற்று விலை மாறாது. அதற்கு, பணம் வருமுன்பே கிளையில் விலை பேச வேண்டும். பெரிய தொகை என்றால் பல வங்கிகள் இறங்கி வரும். கிளையன்ட் உங்கள் நாட்டுப் பணமாகவே மாற்றி அனுப்புகிறேன் என்றால் உடனே சம்மதிக்காதீர்கள். அப்போது விலையை முடிவு செய்வது அவருடைய வங்கி. பேரம் பேச உங்களுக்கு வழியே இருக்காது.

காகித வேலையில் பணம் தேங்குவது பெரும்பாலும் இரண்டு காரணங்களால்: பெறுபவர் பெயர் கணக்கிலுள்ள பெயரோடு ஒத்துப்போகாதது, எதற்கான பணம் என்று தெரியாதது. இன்வாய்ஸ் எண்ணைக் குறிப்பில் போடச் சொல்லுங்கள். இன்வாய்ஸ் 1,000, வந்தது 980 என்றால், வித்தியாசம் வங்கிக் கட்டணம் என்று காட்ட அந்த ஸ்விஃப்ட் நகலையும் வங்கி தரும் வரவுச் சான்றையும் இன்வாய்ஸோடு சேர்த்தே வையுங்கள். வரிக் கணக்கின்போது கேட்பது இவற்றைத்தான்.