பூசணம் பிடித்த அதிரசம்: பதில் வீடியோவில் என்ன பேசுவது?

"வீட்டிலேயே பலகாரம் செய்து விற்கிறேன். என் அதிரசத்தில் பூசணம் இருந்ததாக ஒருவர் ரீல்ஸ் போட்டுவிட்டார். பாக்கெட் என்னுடையதுதான். பதில் வீடியோவில் என்ன பேசுவது? வாயைத் திறந்தாலே சண்டை போடுவது மாதிரி வருகிறது."

முதலில் அவரைத் தனியாகத் தொடர்புகொண்டு மன்னிப்புக் கேட்டு, பணத்தைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். அப்புறம் காரணத்தைத் தேடுங்கள். அதிரசத்தைச் சூடு ஆறுவதற்கு முன்பே கவரில் போட்டு ஒட்டினால் உள்ளே வேர்த்து ஈரம் தங்கும், அதில் பூசணம் பிடிக்கும். அப்படித்தான் நடந்தது என்று வைத்துக்கொண்டால், இவ்வளவு பேசினால் போதும்:

"எங்க அதிரசத்துல பூசணம் இருந்ததா ஒரு வாடிக்கையாளர் வீடியோ போட்டிருக்காங்க. அது எங்க பாக்கெட்தான். மன்னிச்சுக்கோங்க. 12ஆம் தேதி பேக் பண்ணினதை சரியா ஆறவிடாம கவர்ல போட்டுட்டோம். அந்தத் தேதி பாக்கெட் உங்ககிட்ட இருந்தா சாப்பிடாதீங்க. போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்புங்க, பணத்தைத் திருப்பித் தந்துடுறோம். இனிமே தட்டுல பரப்பி, முழுசா ஆறின பிறகுதான் பேக் பண்ணுவோம்."

நிதானமாகப் பேசினாலும் முக்கால் நிமிடத்தில் முடிந்துவிடும். வணக்கம், கடை அறிமுகம் எதுவும் வேண்டாம். பார்ப்பவர்கள் கேட்க வந்தது பூசணத்தைப் பற்றித்தான், அதனால் முதல் வரியிலேயே அந்த வார்த்தை வந்துவிட வேண்டும்.

சண்டை தொனி வருவது பெரும்பாலும் மன்னிப்புக்கு அடுத்த வரியில்தான். "மன்னிச்சுக்கோங்க, ஆனா இத்தனை வருஷத்துல இப்படி நடந்ததே இல்ல" என்று சொன்னால் கேட்பவர் காதில் 'ஆனா'வுக்குப் பின்னால் வருவதுதான் நிற்கும். "உங்க மனசு கஷ்டப்பட்டிருந்தா" என்பதும் வேண்டாம். கெட்டுப்போனது அதிரசம், அவர் மனசில் கோளாறு இல்லை. "எங்களுக்கு நேரடியா சொல்லியிருக்கலாமே" என்ற வரி எழுதும்போது நியாயமாகத்தான் தோன்றும். வீடியோவில் கேட்டால் அவரைக் கண்டிப்பது போலத்தான் இருக்கும். எழுதி முடித்ததும் விஷயம் தெரியாத ஒருவரிடம் வாசித்துக் காட்டி, "இதில் யார்மேல் தப்பு என்கிறேன்?" என்று கேளுங்கள். அவர் கொஞ்சம் யோசித்தாலும் எந்த வரி குழப்பியது என்று கேட்டு அதை அடித்துவிடுங்கள்.

அவருடைய ரீல்ஸை உங்கள் வீடியோவில் ஒட்டாதீர்கள், பெயரும் சொல்லாதீர்கள். உங்கள்மேல் பிரியம் உள்ளவர்கள் அவர் பக்கத்துக்குப் போய்த் திட்டினால், அந்தப் பழியும் உங்கள் தலையில்தான் விழும்.

காரணம் இன்னும் பிடிபடவில்லையா? ஊகத்தைச் சொல்லாதீர்கள். நாளைக்கே அது தப்பு என்று தெரிந்தால் முதல் மன்னிப்பையும் யாரும் நம்ப மாட்டார்கள். "என்ன நடந்ததுன்னு பார்த்துக்கிட்டிருக்கோம், வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்றோம்" என்று கிழமையோடு சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை வந்ததும், காரணம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், தெரிந்ததை அதே வீடியோவின் கீழே கமெண்டில் எழுதி, அதை மேலே பின் செய்துவிடுங்கள்.