கேட்டில் கொடுக்கச் சொன்ன பார்சல் காணோம்: யாரைக் கேட்பது?

கேள்வி: வண்ணாரப்பேட்டையில் பெண்கள் விடுதியில் தங்கி, பாரிமுனையில் வேலை பார்க்கிறேன். ஆன்லைனில் 18,499 ரூபாய்க்கு ஃபோன் வாங்கினேன். டெலிவரி பையன் கூப்பிட்டபோது ஆபீஸில் இருந்ததால் ஓடிபி சொல்லி, "செக்யூரிட்டி அண்ணாகிட்ட கொடுத்துடுங்க" என்றேன். ராத்திரி வந்து கேட்டால், "எதுவும் வரலைம்மா" என்கிறார். கேட் நோட்டில் என் ரூம் நம்பரும் "பார்சல் 1" என்றும் எழுதியிருக்கிறது. வார்டன் எல்லார் முன்னாலும் திட்டிவிட்டு, "பார்சலுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்ற போர்டைக் காட்டுகிறார். டெலிவரி ஆட்களை உள்ளே விடுவதும் இல்லை. கம்பெனி "டெலிவரி ஆகிவிட்டது" என்று புகாரை மூடிவிட்டது. 11 நாள் ஆகிறது. செக்யூரிட்டி மேல் திருட்டுப் புகார் கொடுத்து, எல்லார் மேலும் வழக்குப் போடலாமா மேடம்?

பதில்: வார்டன் பேசியது தப்புதான். ஆனால் உங்கள் வழக்குக்கு அதனால் ஒரு பைசா பயன் இல்லை. அதை ஒதுக்கிவையுங்கள். இதில் சட்டப்படி ஒரே ஒரு விஷயம்தான் முக்கியம். அந்தப் பொருளை உங்கள் சார்பாக வாங்கிக்கொள்ள செக்யூரிட்டிக்கு நீங்கள் அனுமதி கொடுத்தீர்களா, இல்லையா?

கொடுத்தீர்கள். 1930-ஆம் வருடத்து சரக்கு விற்பனைச் சட்டத்தின் 33-வது பிரிவு, வாங்குகிறவரிடமோ அவர் சார்பில் வைத்துக்கொள்ள அனுமதி பெற்றவரிடமோ பொருள் போய்ச் சேர்ந்தாலே அது டெலிவரிதான் என்கிறது. ஓடிபியும் சொல்லி, யாரிடம் கொடுக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டீர்கள். கம்பெனி அந்தப் பேச்சின் பதிவையும் ஓடிபி நேரத்தையும் நீட்டினால் உங்களிடம் பதில் இல்லை. எனவே கம்பெனியை விட்டுவிடுங்கள்.

நீங்கள் கேட்க வேண்டியது விடுதியைத்தான். கேட் நோட்டின் அந்த ஒரு வரிதான் உங்கள் சொத்து. அடுத்தவர் பொருளை வாங்கி வைத்துக்கொண்டவர், தன் சொந்தப் பொருளை ஒரு சாதாரண மனிதர் எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 151-வது பிரிவு. இதற்குத் தனியாகக் காசு வாங்கினார்களா என்பது பெரிய விஷயம் இல்லை. வாங்கி வைத்த பொருள் காணாமல் போனால், கவனமாகத்தான் இருந்தோம் என்று காட்ட வேண்டியது வாங்கியவர் தரப்பு. போர்டு மாட்டிவிட்டால் அந்தப் பொறுப்பு தானாகப் போய்விடாது. அதிலும் டெலிவரி ஆளை உள்ளே விட மாட்டோம் என்று விதி வைத்து, கேட்டைத் தவிர வேறு வழியே இல்லாமல் செய்தது அவர்கள்தான். "செக்யூரிட்டி ஏஜென்சி ஆள், எங்கள் ஆள் இல்லை" என்பார்கள். நீங்கள் மாதக் கட்டணம் கட்டுவது விடுதிக்கு, ஏஜென்சிக்கு அல்ல.

இனிமேல்தான் நீங்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். இந்த மாதிரி வழக்குகள் பெரும்பாலும் சட்டத்தில் தோற்பதில்லை. கோபத்தில் நாமே எழுதிக்கொடுத்த வரிகளில் தோற்கின்றன.

பெரம்பூரில் ஒரு அடுக்குமாடியில் இருந்த என் கட்சிக்காரருக்கு இதுதான் நடந்தது. 62,000 ரூபாய் லேப்டாப். மதியம் 1:40-க்கு டெலிவரி ஆனதாக ஆப்பில் வந்தது. அவர் ஓடிபி சொல்லவே இல்லை. கஸ்டமர் கேர், "செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டோம் சார்" என்று சாட்டில் சொன்னதும், இவர் ஆத்திரத்தில், "ஆமாம், எங்க செக்யூரிட்டி வாங்கி எங்கேயோ வெச்சிட்டான், நீங்கதான் கேட்டு வாங்கித் தரணும்" என்று தட்டிவிட்டார். கேட் நோட்டை அப்போது அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை. பிறகு நான் பார்த்தபோது அன்று 1 மணிக்கும் 3 மணிக்கும் நடுவில் ஒரு பதிவும் இல்லை. பொருள் கேட்டுக்கே வரவில்லை என்பதற்கு அது நல்ல ஆதாரம். ஆனால் கம்பெனியின் பதில் மனுவோடு அந்த சாட்டின் அச்சுப்பிரதி வந்துவிட்டது. செக்யூரிட்டி வாங்கினார் என்று எங்கள் ஆளே ஒப்புக்கொண்டாயிற்று. பாதிப் பணத்துக்குச் சமரசம் செய்துகொண்டோம்.

உங்களுக்கு நிலைமை நேர் எதிர். நோட்டில் பதிவு இருக்கிறது, அதனால் "பொருள் வரவே இல்லை" என்று கம்பெனிக்கு ஒரு மெயில் தட்டிவிடாதீர்கள். அதே மெயிலை விடுதித் தரப்பு கையில் எடுத்தால், உங்களிடம் இருக்கும் ஒரே நல்ல வரி செத்துப்போகும். எல்லார் மேலும் வழக்குப் போட்டால், ஒருவரிடம் "வரவில்லை" என்றும் இன்னொருவரிடம் "வந்து தொலைந்தது" என்றும் சொல்ல வேண்டி வரும். இரண்டும் ஒரே மனுவில் நிற்காது.

அடுத்தது திருட்டுப் புகார். அந்த நேரத்தில் கேட்டில் இருந்தவர் அவர்தானா, ஷிஃப்ட் மாறியதா, நோட்டில் எழுதியது யார் கை, எதுவும் உங்களுக்குத் தெரியாது. ஆதாரம் இல்லாமல் பெயர் போட்டுக் கொடுத்தால் முதலில் போவது அவர் வேலை. பொருள் மீட்டர் அறையில் கிடைத்தால், அவதூறு நோட்டீஸுக்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். அப்படி வந்த நோட்டீஸை நானே வாங்கிப் படித்திருக்கிறேன். பார்சல் விலையைவிடச் செலவு அதிகம் ஆனது.

ஆனால் போலீஸுக்குப் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. காணாமல் போனது ஃபோன் என்பதால் போயே ஆக வேண்டும். பில்லில் ஐஎம்இஐ நம்பர் அச்சாகி இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் விற்பனையாளரிடம் எழுதிக் கேட்டு வாங்குங்கள். "என் பெயருக்கு வந்த ஃபோன், விடுதி கேட்டில் பெறப்பட்டதாக நோட்டில் பதிவு உள்ளது, என் கைக்கு வரவில்லை" என்று மட்டும் எழுதுங்கள், யார் பெயரும் வேண்டாம். புகாரைப் பெற்றுக்கொண்டதற்குப் போலீஸ் தரும் சிஎஸ்ஆர் ரசீது கையில் வந்ததும் ceir.gov.in தளத்தில் பில்லோடு சேர்த்து அந்த ஐஎம்இஐயை முடக்கக் கொடுங்கள். யாராவது அதில் சிம் போட்டால் போலீஸுக்குத் தடம் கிடைக்கும். உண்மையாக எடுத்தது யார் என்பதை அது சொல்லட்டும், நீங்கள் சொல்ல வேண்டாம்.

சிசிடிவியை மறக்காதீர்கள். பல இடங்களில் 15 முதல் 30 நாளில் பழைய பதிவின் மேலேயே புதுப் பதிவு ஏறிவிடும். உங்களுக்கு 11 நாள் ஏற்கெனவே போய்விட்டது. அந்த நாள், அந்த நேரத்துப் பதிவை அழிக்காமல் எடுத்துவைக்கச் சொல்லி இன்றைக்கே விடுதிக்கு மெயில் போடுங்கள். வாய்ச்சொல் போதாது. கேட் நோட்டின் அந்தப் பக்கத்தை, மேலும் கீழும் உள்ள பதிவுகளோடு சேர்த்துப் படம் எடுங்கள். தனி வரியை மட்டும் எடுத்தால், பிறகு சேர்த்து எழுதியது என்பார்கள்.

சரி, வழக்குப் போடலாமா? வெளிப்படையாகச் சொல்கிறேன், சமரசம் செய்துகொள்ளுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை கட்டணம் இல்லைதான். ஆனால் வாய்தாவுக்கு வாய்தா நீங்கள் லீவு போட வேண்டும், ராத்திரி அதே வார்டனின் கேட்டுக்குள் வர வேண்டும். நோட்டின் படத்தைக் காட்டி, 12,000 ரூபாயை மூன்று மாதக் கட்டணத்தில் கழித்துக்கொள்ளக் கேளுங்கள். 9,000-க்கு இறங்கினாலும் ஒத்துக்கொள்ளுங்கள். கழிக்கும் தொகையையும் மாதங்களையும் விடுதியின் லெட்டர்பேடில் கையெழுத்தோடு வாங்கிய பிறகுதான், "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற தாளில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும். மறுத்தால் வாருங்கள், நோட்டீஸ் அனுப்பலாம், இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது.

அடுத்த ஃபோனை ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிற மாதிரி போடுங்கள். வேலை நாளில்தான் வரும் என்றால், வார்டனோ தோழியோ பெட்டியைக் கையில் வாங்கிப் படம் அனுப்பும்வரை ஓடிபியைச் சொல்லாதீர்கள். பையன் அவசரப்படுத்தினால், "மறுநாள் கொண்டுவாங்க" என்று சொல்லுங்கள்.