360 வீடியோவில் திரும்பும் கமரா: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விசயத்தைத்தான் சுற்றி வருகின்றன. 360 கமராவில் எடுத்தாயிற்று, அதைச் சாதாரண வீடியோவாக மாற்றும்போது பார்வையை எப்படித் திருப்புவது? அதனால் கமரா வாங்குவது பற்றிய கேள்விகளை ஒதுக்கிவிட்டு, இதற்கே இடம் கொடுக்கிறேன்.

கேள்வி: நல்லூர்த் தேரன்று வீதி ஓரத்தில் நின்று, கமராவைத் தடியில் உயர்த்திப் பிடித்து எடுத்தேன். ஒரு பக்கம் தேர் வருகிறது, மறுபக்கம் தேங்காய் உடைக்கிறார்கள். இரண்டையும் காட்ட மாறி மாறித் திருப்பினேன். வீட்டில் பார்த்தவர்கள் தலை சுற்றுகிறது என்கிறார்கள். (கோண்டாவில்)

நீங்கள் அனுப்பிய 40 விநாடித் துண்டைப் பார்த்தேன். பார்வை எந்த நேரத்தில் எங்கே இருக்கவேண்டும் என்று குறித்து வைக்கும் புள்ளிதான் கீஃப்ரேம். அதில் 19 கீஃப்ரேம் இருக்கின்றன. தலை சுற்றாமல் என்ன செய்யும்!

கணக்கைப் பார்ப்போம். இடம் வலமாகத் திரும்பும் அளவு சில மென்பொருளில் Pan என்றும் சிலவற்றில் Yaw என்றும் இருக்கும். உங்கள் துண்டில் தேர் நிற்பது Yaw -40 பாகையில், தேங்காய் உடைப்பது +75 இல். இடையில் 115 பாகை. அதை நீங்கள் ஒன்றரை விநாடியில் கடக்கிறீர்கள், அதாவது விநாடிக்கு ஏறத்தாழ 77 பாகை. ஃப்ரேமின் அகலம் 90 பாகை. ஆக, ஒரு ஓரத்தில் தெரிந்த ஆள் ஒரு விநாடி கொஞ்சத்தில் மறு ஓரத்தால் வெளியே போய்விடுகிறார். கண்ணால் எதையும் பிடிக்க முடியாது. போதாததற்கு, ஆவணி வெயிலில் இந்தக் கமராக்கள் ஷட்டரை மிக வேகமாக வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு ஃப்ரேமும் கத்தி போலக் கூராக இருக்கும். உண்மையான கமராவைத் திருப்பும்போது வரும் கலங்கல் இங்கே இல்லாததால், படம் தத்தித் தத்திப் போகிறது.

படப்பிடிப்புக்காரர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு: கமரா திரும்பும்போது ஒரு பொருள் திரையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் போக 7 விநாடி எடுக்கட்டும். 90 பாகை ஃப்ரேமுக்கு அது விநாடிக்கு 13 பாகை. உங்கள் 115 பாகைக்கு 9 விநாடி வேண்டும். அதுவும் சீரான வேகத்தில். மெதுவாகத் தொடங்கி மெதுவாக முடியும் ஈஸ் வளைவு போட்டால், நடுவில் வேகம் சராசரியைப் போல ஒன்றரை மடங்காகும். அப்போது 13 பாகையைத் தாண்டாமல் இருக்க 13 விநாடிக்கு மேல் போகும். அவ்வளவு நேரம் இடையிலுள்ள தலைகளையும் மின்கம்பங்களையும் யார் பார்த்துக்கொண்டிருப்பது?

அதனால் திருப்பவே வேண்டாம், வெட்டுங்கள். உங்களிடம் இருப்பது ஒரு கமரா அல்ல, ஒரே கணத்தை எல்லாத் திசையிலும் பிடித்த பல கமராக்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒலி கீழே தொடர்ந்து ஓட, படம் மட்டும் தேரிலிருந்து தேங்காய்க்குத் தாவட்டும். நான் உங்கள் துண்டை இப்படிப் போட்டுப் பார்த்தேன். முதல் 11 விநாடி தேர் மட்டும். அது மெல்ல நகர்வதால் -55 இல் ஒரு கீஃப்ரேம், -40 இல் இன்னொன்று. விநாடிக்கு ஒன்றரைப் பாகைகூட இல்லை, திரும்புவதே தெரியவில்லை. முதல் தேங்காய் தரையில் மோதும் சத்தத்துக்குச் சரியாக வெட்டி +75க்கு. அங்கே FOV, அதாவது ஃப்ரேமுக்குள் அடங்கும் பார்வையின் அகலம், 75 பாகை, அசைவு எதுவும் இல்லை. கடைசி 6 விநாடி அதே இடத்திலிருந்து FOV மட்டும் 75 இலிருந்து 105க்கு ஈஸுடன் விரிகிறது, கூட்டம் முழுவதும் தெரிகிறது. மொத்தம் ஐந்து கீஃப்ரேம்.

கமராவை வேகமாகத் திருப்பியே ஆகவேண்டுமென்றால், ஓடும் ஒரு ஆளைப் பிடித்துக்கொண்டு திருப்புங்கள். தேங்காய்ச் சாக்குடன் ஒருவர் தேர்ப் பக்கம் ஓடினால் கண் அவரோடு போகும், பின்னணி பறந்தாலும் உறுத்தாது. அவர் ஓடத் தொடங்கிக் கால் விநாடி கழித்துத் தொடங்குங்கள். கையால் பிடிக்கும் மனிதனும் அப்படித்தான் பிந்துவான். அவரோடு சேர்ந்தே தொடங்கினால், முன்கூட்டியே தெரிந்து வைத்திருந்த இயந்திரம் மாதிரி இருக்கும்.

இன்னொன்று: 3ஆம் விநாடியிலும் 8ஆம் விநாடியிலும் ஒரே Yaw கொடுத்தும், இடையில் படம் மெல்ல ஊர்கிறது என்று எழுதியிருந்தீர்கள். கீஃப்ரேம்களை மென்மையாக்கும் வளைவு, அடுத்த திருப்பத்துக்காக முன்கூட்டியே வளைந்து, கொடுத்த அளவைத் தாண்டிப் போய் வருகிறது. ஃப்ரேம் ஓரத்தில் ஒரு கம்பத்தைக் குறித்து வைத்துப் பார்த்தால் பிடிபடும். அந்த இரண்டு புள்ளிக்கும் இடையிலான பகுதியை மட்டும் நேர்கோடாக மாற்றுங்கள், நின்றுவிடும்.

கேள்வி: மோட்டார் சைக்கிளில் பருத்தித்துறை வீதியால் போகும்போது பின்னால் வந்த நண்பரைக் காட்டத் திருப்பினேன். கொஞ்சம்தான் திருப்பினேன், ஆனால் கமரா முழு உலகத்தையும் சுற்றிவிட்டு அங்கே வருகிறது. (நெல்லியடி)

முதல் கீஃப்ரேம் 160, அடுத்தது -165 என்று இருக்கிறதல்லவா? உண்மையில் இரண்டுக்கும் இடையே 35 பாகைதான். ஆனால் மென்பொருளுக்குத் தெரிவது எண்கள்தான். 160 இலிருந்து -165க்கு இறங்கும்போது முன்பக்கத்தால் 325 பாகை சுற்றுகிறது. -165க்குப் பதில் 195 என்று தட்டுங்கள், அதே திசைதான். 180க்கு மேல் எண்ணை ஏற்காத மென்பொருளென்றால் 180 இல் ஒரு கீஃப்ரேம், அடுத்த ஃப்ரேமிலேயே -180 இல் இன்னொன்று. அந்த இரண்டுக்கும் முன்னும் பின்னும் வளைவை நேர்கோடாக்காவிட்டால் நடுவில் ஒரு தயக்கம் தெரியும்.

கேள்வி: கலியாண வீட்டில் தாலி கட்டும்போது 5.7கே தரத்தில் எடுத்தும், மாப்பிள்ளை முகத்தைக் கிட்டக் கொண்டுவந்தால் மெழுகு பூசினது போல் இருக்கிறது. கமரா பழுதா? (மானிப்பாய்)

பழுதில்லை. 5.7கே என்பது சுற்றிலும் உள்ள 360 பாகைக்கும் சேர்த்து 5760 புள்ளி. ஒரு பாகைக்கு வெறும் 16. FOV 90 இல் 1920 அகல வீடியோ செய்தால் நடுப்பகுதிக்குப் பாகைக்குக் கிட்டத்தட்ட 17 புள்ளி தேவை, ஆகவே ஏறத்தாழப் போதும். FOV 60 ஆக்கினால் 29 தேவை. இல்லாத புள்ளிகளை மென்பொருள் இட்டுக்கட்டுகிறது, அதுதான் அந்த மெழுகு.

முகத்தின் அகலம் 16 சென்ரிமீற்றர் என்று வையுங்கள். உங்கள் தடி மணவறையிலிருந்து 3 மீற்றர் தள்ளி நின்றது. அங்கிருந்து முகம் 3 பாகை, அதாவது 50 புள்ளிகூட வராது. அதே கமரா ஒரு மீற்றரில் நின்றால் முகத்துக்கு ஏறத்தாழ 145 புள்ளி கிடைக்கும். கிட்டக் கொண்டுபோவதைத் தவிர வேறு மருந்து இல்லை. அவ்வளவு கிட்ட வைக்கும்போது ஒரு லென்ஸ் நேரே மணமக்களைப் பார்க்கட்டும். கமராவின் பக்கவாட்டு அவர்களைப் பார்த்தால், இரண்டு லென்ஸின் படமும் ஒட்டும் கோடு முகத்தின் குறுக்கே போகும்.

வேலை தொடங்க முதல், ஒட்டி முடித்த 2:1 வீடியோவிலிருந்து ஒரேயொரு ஃப்ரேமை ffmpeg என்ற மென்பொருளால் எடுத்துத் தரத்தைப் பார்ப்பது என் வழக்கம்:

```
ffmpeg -ss 12 -i kalyanam.mp4 -vf "v360=e:flat:yaw=20:pitch=-5:h_fov=90:v_fov=58.7:w=1920:h=1080" -frames:v 1 test.png
```

இதில் 58.7 என்பது 16:9 வடிவில் அகலம் 90 பாகையாக இருக்கும்போது வரும் உயரம். h_fov-ஐ மாற்றினால் இதையும் மாற்றவேண்டும், இல்லாவிட்டால் எல்லோரும் ஒல்லியாகவோ தடிப்பாகவோ தெரிவார்கள். நானே ஒருமுறை மறந்து, பொம்பிளையின் சித்தியை இரண்டு மடங்கு பருமனாக்கி அனுப்பியிருக்கிறேன். அந்த வீட்டுக்குப் பிறகு போகவில்லை.

கேள்வி: குறிகட்டுவானில் இருந்து நயினாதீவுக்குப் போன படகில் எடுத்தது. அம்மாவை நடுவில் வைத்தேன், கொஞ்ச நேரத்தில் அவர் தானாக ஃப்ரேமை விட்டு நகர்கிறார். (யாழ். நகர்)

அம்மா நகரவில்லை, படகு திரும்புகிறது. உங்கள் மென்பொருளில் திசைப் பூட்டு போடப்பட்டிருக்கிறது. அது பார்வையை ஒரே திசையில், வடக்கென்றால் வடக்கில், பிடித்து வைக்கும். படகு திரும்பும்போது படகும் அதில் இருப்பவர்களும் ஃப்ரேமுக்குள் சுழல்வார்கள். கடலையும் தீவையும் காட்டுவதென்றால் அது நல்லது. அம்மாவைக் காட்டுவதென்றால் பூட்டை எடுத்துவிடுங்கள், பார்வை படகோடு சேர்ந்து திரும்பும். அடிவானத்தை மட்டமாக வைக்கும் வசதி மட்டும் இருக்கட்டும்.

இதை முதலில் முடிவுசெய்துவிட்டுத்தான் கீஃப்ரேம் போடவேண்டும். எல்லாம் போட்டு முடித்தபின் பூட்டை மாற்றினால், ஒவ்வொரு எண்ணும் வேறு இடத்தைக் காட்டும்.

கேள்வி: வல்வெட்டித்துறைப் பட்டத் திருவிழாவில் எடுத்ததை போனுக்கு ஏற்றபடி நிமிர்ந்த வீடியோவாக்குகிறேன். மேலே பார்க்கும்போது படம் பம்பரம் மாதிரிச் சுழல்கிறது. (உடுப்பிட்டி)

நேர் உச்சியைப் பார்க்கும்போது Yaw-க்கு இடம் வலம் என்ற அர்த்தமே இல்லாமல் போகிறது. அங்கே Yaw-ஐ 30 பாகை மாற்றினால் கமரா திரும்பாது, படம்தான் நின்ற இடத்தில் 30 பாகை சுழலும். மேலே போகும் நேரம் முழுவதும் Yaw ஒரே எண்ணில் இருக்கட்டும், மேல் கீழாகத் திரும்பும் அளவான Pitch மட்டும் மாறட்டும். திசை மாற்றுவதென்றால் கீழே இருக்கும்போதே மாற்றிவிடுங்கள்.

அதோடு, 85 பாகை வரை நிமிர்த்தத் தேவையும் இல்லை. நிமிர்ந்த ஃப்ரேமின் உயரம் 90 பாகை என்றால், நடுவிலிருந்து மேல் ஓரம் 45. Pitch 50 ஆனாலே உச்சி வானம் உள்ளே வந்துவிடும், கீழ் ஓரம் அடிவானத்துக்கு 5 பாகை மேலே நிற்கும். 40 இல் நிறுத்தினால் கடற்கரையில் நூல் பிடிப்பவர்களின் தலைகளும் சேர்ந்து கிடைக்கும். பட்டம் எங்கிருந்து ஏறுகிறது என்று பார்ப்பவருக்குத் தெரிவதால் நான் 40 ஐத்தான் எடுப்பேன்.