கைப்பேசியைப் பையில் வைத்த பிறகு

கேள்வி: டேட்டிங் போகும்போது போனை எடுக்காமல் இருக்க வேண்டும், ஆனால் விறைப்பாகவும் தெரியக்கூடாது. எப்படி?

முதல் சந்திப்பில் நானும் இதில் சறுக்கியவன்தான். காட்பாடியில் ஓர் உணவகத்தில் கைப்பேசியை அணைத்துப் பையில் போட்டுவிட்டு, எதிரில் அமர்ந்திருந்தவரின் முகத்தையே பார்த்துக்கொண்டு, அவர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். கால்மணி நேரத்தில் அவர், "என்னங்க, இன்டர்வியூவுக்கு வந்த மாதிரியே உட்கார்ந்திருக்கீங்க?" என்று கேட்டுவிட்டார்.

யோசித்துப் பார்த்தபோது, அந்த விறைப்பில் பாதி, வீட்டில் தனியாக இருந்த அம்மா அழைத்தால் தெரியாமல் போய்விடுமே என்ற பதற்றம் என்பது புரிந்தது. ஆகவே இப்போது நான் கைப்பேசியை அணைப்பதில்லை; 'தொந்தரவு செய்யாதே' அமைப்பில் அம்மாவின் எண்ணுக்கு மட்டும் விலக்கு அளித்து, "அம்மா கூப்பிட்டால் மட்டும் எடுப்பேன்" என்று சந்தித்தவுடனே சொல்லிவிடுகிறேன். ஆண்ட்ராய்டில், ஒரே எண்ணிலிருந்து 15 நிமிடத்துக்குள் இரண்டாம் முறை வரும் அழைப்பை ஒலிக்கவிடும் வசதியும் உண்டு. மேசையில் கவிழ்த்து வைப்பது மட்டும் வேண்டாம், அதிர்வு வந்தால் கண் தானாகவே அங்கே போய்விடும்.

மீதிப் பாதி, கண்ணை எங்கே வைப்பது என்ற சங்கடம். சாதாரணமாக நாம் கேட்கும்போதுதான் அதிகம் பார்க்கிறோம், பேசும்போது பார்வை அங்குமிங்கும் போய்வரும். இரண்டிலும் இமைக்காமல் பார்த்தால் அது விசாரணை போல ஆகிவிடுகிறது. அதனால் அடுத்த முறை மாலை வெயில் தாழ்ந்ததும் வேலூர்க் கோட்டைக்குப் போய், ஜலகண்டேஸ்வரர் கோயிலின் கல்யாண மண்டபத்தில் யாளித் தூண்களைப் பார்த்துவிட்டு, அகழியோரமாக நடந்தோம். பக்கத்தில் நடப்பவரை விடாமல் உற்றுப் பார்க்க முடியாது என்பதே பெரிய நிம்மதி.

ஒரு தூணருகே நின்று, சின்ன வயதில் இந்த யாளிகளைப் பார்த்தாலே பயம் என்றார் அவர். முந்தைய நானாக இருந்தால் "அப்படியா" என்று சொல்லிவிட்டு, மனத்தில் தயாராக வைத்திருந்த அடுத்த கேள்விக்குத் தாவியிருப்பேன். அன்று "யாரோடு வருவீர்கள்?" என்று மட்டும் கேட்டேன். தாத்தாவின் தோளில் ஏறி வந்தது, அவர் வாங்கித் தந்த வேர்க்கடலை, அவர் இறந்த வருடம் என்று பேச்சு அரைமணி நேரம் நீண்டது. சொன்னதிலிருந்தே ஒன்றைப் பிடித்துக் கேட்டால் போதும், கவனிக்கிறோம் என்று காட்டத் தனியாகத் தலையாட்ட வேண்டியதில்லை.

நான் எதிர்பாராமல் மாட்டிக்கொண்டது டீக்கடையில்தான். 30 ரூபாயைச் செலுத்தக் கைப்பேசியை எடுத்தவன், திரையில் குவிந்திருந்த வாட்ஸ்அப் செய்திகளைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டேன். நிமிர்ந்தபோது அவரும் தன் கைப்பேசியை எடுத்திருந்தார். அதற்குப் பிறகு சில்லறை நோட்டுகளோடும், மணி பார்க்க ஒரு கைக்கடிகாரத்தோடும்தான் கிளம்புகிறேன்.