மண்பானைத் தண்ணீர் எவ்வளவு குளிரும்?

கேள்வி: பதுளை வெயிலில் ஜில்லென்று இருக்கும் பானைத் தண்ணீர், நுவரெலியா மூடுபனியில் ஏன் குளிர்வதில்லை?

பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் வெளிப்புறத்தில் ஆவியாகும்போது உள்ளிருக்கும் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. நனைந்த சட்டையோடு காற்றில் நின்றால் உடல் நடுங்குவதும் இப்படித்தான். 1 கிராம் ஆவியானால் 1 லீற்றர் நீர் சுமார் 0.6 பாகை குளிரும்.

ஆனால் பானை குளிரக் குளிர, அதை உரசிப் போகும் வெதுவெதுப்பான காற்று வெப்பத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. போவதும் வருவதும் சமமாகும் இடத்தில் குளிர்ச்சி நின்றுவிடும். காற்று 28 பாகை, ஈரப்பதம் 50 சதவீதம் என்றால் அந்த எல்லை ஏறத்தாழ 20 பாகை. மூடுபனிக் காற்றிலோ ஈரம் நிறைந்திருப்பதால் ஆவியாதலே நடக்காது. பலத்த காற்று வீசினாலும் எல்லைக்குக் கீழே இறங்காது.

மண்ணுக்கே குளிர்ச்சி உண்டென்பது தவறு: வெளியே பெயின்ற் பூசிய பானை குளிராது.