குடும்பத்தில் நோய் என்று அதிக லீவு எடுத்தவருக்கு அப்ரைசல் குறிப்பு எழுதுவது எப்படி?

கேள்வி: சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தின் அக்கவுன்ட்ஸ் பிரிவில் டீம் லீடாக இருக்கிறேன். வெண்டர் இன்வாய்ஸ் போடும் என் டீம் உறுப்பினர் ஒருவர், அப்பாவுக்கு டயாலிசிஸ் என்பதால் இந்த வருடம் 41 நாள் லீவு. வந்த நாட்களில் நன்றாகத்தான் வேலை செய்தார். லீவைப் பற்றி எழுதினால் அவருக்கு அநியாயம், எழுதாவிட்டால் மற்றவர்கள் முணுமுணுக்கிறார்கள். என்ன எழுதுவது?

பதில்:

அந்த 41 நாளையும் போர்ட்டலில் அப்ரூவ் செய்தது நீங்கள்தானே? லீவு இருப்பு தீர்ந்த பிறகு எடுத்த நாட்களுக்குச் சம்பளமும் பிடித்திருப்பார்கள். அந்தக் கணக்கு அங்கேயே தீர்ந்தது. அதே நாட்களை அப்ரைசலில் மறுபடி கழிப்பது, அடைத்த கடனுக்கு இன்னொரு முறை வட்டி கேட்கிற கதை. "அப்படியானால் தினமும் வந்து உழைக்கிறவன் இளிச்சவாயனா?" என்று பின்னூட்டத்தில் கேட்கப் போகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள், அவர்கள் பங்குக்கும் வருகிறேன்.

முதலில் எண். பெரும்பாலான டீம் லீடுகள் சறுக்குவது இங்கேதான், அதுவும் இரண்டு பக்கமும் சறுக்குகிறார்கள். உங்கள் டீமில் ஆளுக்கு வருட டார்கெட் 4,700 இன்வாய்ஸ் என்று வைத்துக்கொள்வோம். விடுமுறைகள் போக வேலை நாட்கள் 250. உங்கள் ஆள் போட்டது 4,222. சிஸ்டம் இதை அப்படியே வகுத்து 90 சதவீதம், டார்கெட் எட்டவில்லை என்று சிவப்பில் காட்டும். வராத நாளுக்கும் சேர்த்து வேலை கேட்கும் கணக்கு அது.

இரக்கப்பட்ட லீடு வேறு மாதிரி போடுவார். 250 நாளில் 209 நாள் வந்தார், ஆகவே டார்கெட்டை 209/250 ஆகக் குறைப்போம் என்பார். அப்படிச் செய்தால் டார்கெட் 3,929 ஆகி, அவர் 107 சதவீதம் எட்டியதாக வரும். இதுவும் தப்பு. ஏனென்றால் 4,700 என்ற எண்ணை வைத்தபோதே ஒவ்வொருவரும் சராசரியாக 15 நாள் லீவு எடுப்பார்கள் என்று கழித்துத்தான் வைத்திருப்பார்கள். 235 நாள், நாளுக்கு 20 இன்வாய்ஸ். மறுபடியும் 250-ஆல் வகுத்தால் அந்த 15 நாளை இவருக்கு மட்டும் இரண்டு தடவை கழித்துக் கொடுக்கிறீர்கள். பக்கத்து சீட்டுக்காரர் எக்செல் திறந்து இதைக் கண்டுபிடித்துவிட்டால் உங்களால் பதில் சொல்ல முடியாது.

சரியான கணக்கு எளிது. வந்த 209 நாளை 20-ஆல் பெருக்கினால் 4,180. அவர் போட்டது 4,222, அதாவது 101 சதவீதம். எதிர்பார்த்ததைச் செய்தார், அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. ரேட்டிங்கும் அந்த இடத்தில்தான் நிற்க வேண்டும். பரிதாபப்பட்டு ஒரு படி ஏற்றுவதும் நியாயமில்லை. டார்கெட்டில் லீவு கழிக்கப்பட்டதா என்று தெரியாவிட்டால் அதை வைத்தவரிடம் கேளுங்கள். அவருக்கும் தெரியாவிட்டால் டீமில் மற்றவர்களின் சராசரி வருகை நாளைப் பாருங்கள்.

இந்த எண்ணை எழுதுவதற்கு முன் ஒன்றைச் சரிபார்த்தாக வேண்டும். பர்ச்சேஸ் ஆர்டர் உள்ள இன்வாய்ஸ், ஆர்டரும் சரக்கு ரசீதும் பொருந்திவிட்டால் சீக்கிரம் முடியும். ஆர்டர் இல்லாதவைக்கு ஆள் ஆளாய்த் துரத்தி அப்ரூவல் வாங்க வேண்டும். "எப்போது லீவு போடுவாரோ" என்று பயந்து நீங்களே அவருக்குச் சுலபமானதை மட்டும் ஒதுக்கியிருந்தால் அந்த 101 கொஞ்சம் ஊதியிருக்கும். தப்பு அவருடையது அல்ல, ஆனால் எண் அப்படித்தான் வந்திருக்கும். வகைவாரியாகப் பிரித்துப் பாருங்கள். அதோடு அவர் பெயரில் கெடு தாண்டிய இன்வாய்ஸ் எத்தனை என்றும் பாருங்கள். குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் போயாக வேண்டும் என்பதால், அங்கே தேங்கினால் அது உண்மையான பாதிப்பு.

ஒரு வரம்பும் உண்டு. இந்த நாள் கணக்கு எண்ணக்கூடிய வேலைக்குத்தான் பொருந்தும். வரவேற்பறை, ஷிப்ட் ஹெல்ப்டெஸ்க் போல ஆள் இருப்பதே வேலை என்கிற இடத்தில் பொருந்தாது.

அடுத்தது லீவின் தன்மை. 41 என்ற மொத்த எண் எதையும் சொல்லாது. பொதுவாக டயாலிசிஸ் வாரம் இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் 4 மணி நேரம், கிழமையும் நேரமும் முன்கூட்டியே தெரியும். வருடம் முழுக்க அத்தனை முறைக்கு இவர் 41 நாள்தான் எடுத்தார் என்றால் மற்ற நாட்களில் வீட்டில் வேறு யாரோ கூட்டிப் போகிறார்கள். திடீர் லீவு வருவது வேறு காரணத்துக்கு: டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தக் குழாய்களை இணைத்துப் போட்ட ஃபிஸ்டுலா அடைத்துக்கொள்ளும், உடம்பில் நீர் ஏறி மூச்சுத் திணறும், காய்ச்சல் வரும். அப்போது முன்னறிவிப்பு எதிர்பார்ப்பது அபத்தம். ஆகவே லீவு ரிப்போர்ட்டை எடுத்து இரண்டாகப் பிரியுங்கள். 26 நாள் முன்பே சொன்னது, 15 நாள் திடீர் என்று வந்ததாக வைப்போம். இப்போது நீங்கள் எடைபோடக்கூடியது ஒன்று இருக்கிறது: முன்பே தெரிந்த 26 நாளுக்கு வேலையை ஒப்படைத்துவிட்டுப் போனாரா? திடீர் நாட்களில் காலையிலேயே தகவல் வந்ததா? நிலுவைப் பட்டியல் மற்றவர்கள் எடுக்கும் இடத்தில் இருந்ததா, அல்லது அவருடைய மெயில் பெட்டிக்குள்ளேயே பூட்டிக் கிடந்ததா? வராமல் இருந்தது அவர் கையில் இல்லை, ஒப்படைப்பு அவர் கையில் இருந்தது. குறை சொல்வதானால் இங்கே சொல்லலாம்.

உதாரணமாக மாதக் கடைசி. 12 மாத முடிவில் மூன்றில் அவர் இல்லை. இரண்டில் குறிப்பு கொடுத்துவிட்டுப் போனார், ஒன்றில் கொடுக்க முடியவில்லை, அந்த மாதம் வெண்டர் பாக்கி ஒதுக்கீட்டுப் பட்டியல் ஒரு நாள் தாமதமானது. அந்த ஒரு நாளை எழுதலாம். ஆனால் அன்று அவருக்கு பேக்கப் யார் என்று நீங்கள் நியமித்திருந்தீர்களா என்பதையும் நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லை என்றால் அந்தத் தாமதம் உங்கள் அப்ரைசலில் எழுத வேண்டியது.

இப்போது வாசகம். ஆங்கிலத்தில் எழுதினாலும் இதே அடுக்கு போதும்:

"வேலை செய்த நாட்களுக்கு ஏற்பக் கணக்கிட்ட 4,180 இன்வாய்ஸுக்கு 4,222 முடித்தார். பிழையால் திரும்பி வந்தவை 46 (1.1 சதவீதம், டீம் வரம்பு 1.5). ஒன்பது மாத முடிவுகளில் நேரடியாகவும், இரண்டில் முன்கூட்டிய ஒப்படைப்பு மூலமும் பொறுப்பை நிறைவேற்றினார். ஒரு மாத முடிவில் ஒப்படைப்பு இல்லாததால் ஒதுக்கீட்டுப் பட்டியல் ஒரு நாள் தாமதமானது. நிலுவைப் பட்டியலை வாரந்தோறும் பொது ஃபோல்டரில் புதுப்பித்தால் இது தவிர்க்கப்படும்."

இதில் லீவு என்ற சொல் இல்லை, அப்பா இல்லை, டயாலிசிஸ் இல்லை, ஆனால் குறை இருக்கிறது. "வேலை செய்த நாட்களுக்கு ஏற்ப" என்ற சொற்களை மட்டும் விட்டுவிடாதீர்கள். விட்டால் அடுத்த வருடம் வரும் மேனேஜர் 4,700-ஐயும் 4,222-ஐயும் பார்த்து அவர் பாட்டுக்கு முடிவுக்கு வருவார்.

வாசகத்தில் வரக்கூடாதவை இரண்டு வகை. "நம்பகத்தன்மை குறைவு", "அர்ப்பணிப்பு போதாது", "டீமுக்குக் கிடைப்பதில்லை" எல்லாம் லீவுக்கே மாறுவேடம் போட்ட சொற்கள். எழுதிவிட்டுச் சோதித்துப் பாருங்கள்: அந்த 41 நாளும் வந்திருந்தால் இதே வரியை எழுதுவீர்களா? இல்லை என்றால் அடித்துவிடுங்கள். இரண்டாவது வகை கருணை வேஷம். "குடும்பச் சூழலையும் மீறிச் சிறப்பாக உழைத்தார்" என்பது படிக்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஃபைல் உங்களோடு முடிவதில்லை. இரண்டு வருடம் கழித்து அவரை வேறு டீமுக்கு எடுக்கலாமா என்று யோசிப்பவர் அதைத்தான் படிப்பார், "வீட்டில் ஏதோ பிரச்சனை உள்ளவர்" என்பது மட்டும் மனதில் தங்கும். தந்தையின் நோய் தந்தையின் விஷயம். ஊழியரே தன் சுயமதிப்பீட்டில் எழுதியிருந்தாலும், அது இருக்கட்டுமா, எடுத்துவிடலாமா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

சட்டம் பற்றிக் கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: 1947-ஆம் ஆண்டு தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், ஒரு வருடச் சேவைக்குப் பின் சம்பளத்துடன் 12 நாள் விடுப்பும், அது போக நோய்க்கு 12, தற்செயலாக 12 நாளும் தருகிறது. பெற்றோரைக் கவனிக்க என்று அதில் தனி விடுப்பு கிடையாது. அமெரிக்காவில் 1993-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தகுதியுள்ள ஊழியர் பெற்றோரின் கடும் நோய்க்காக 12 வாரம் வரை சம்பளமில்லா விடுப்பு எடுக்கலாம், அதை எடுத்ததைப் பதவி உயர்வில் பாதகமாகக் கொள்ளக்கூடாது. உங்கள் டீமில் ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்தால் அவருக்கு இது விதி. இங்கே உங்கள் கம்பெனி பாலிசியும் உங்கள் மனசாட்சியும்தான்.

இனி முணுமுணுப்பவர்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை. அவர் போடாத இன்வாய்ஸை யாரோ போட்டார்கள். அதற்கு வழி இவருடைய குறிப்பில் கழிப்பது அல்ல, அவர்களுடைய குறிப்பில் கூட்டுவது. "தன் டார்கெட்டுக்கு மேல் 260 இன்வாய்ஸும், மூன்று மாத முடிவுகளில் கூடுதல் பட்டியலும் முடித்தார்" என்று எண்ணோடு எழுதுங்கள். பலர் இதைச் செய்யாமல், கூடுதல் உழைப்பை "நல்ல டீம் பிளேயர்" என்று மூன்று சொல்லில் முடித்துவிடுகிறார்கள். முணுமுணுப்பு பாதி அங்கிருந்துதான் கிளம்புகிறது.

ரேட்டிங் கூட்டத்தில் யாராவது "ஆனா லீவு நிறைய இல்ல?" என்று கேட்பார்கள். "அப்ரூவ் ஆன லீவு சார், டார்கெட்டை அதற்கேற்பத்தான் கணக்கிட்டிருக்கிறேன்" என்று சொல்லி எண்ணைக் காட்டுங்கள். நோயை விளக்க ஆரம்பித்தால் பேச்சு அனுதாபத்துக்குப் போய்விடும், வேலை பின்னுக்குப் போகும். பெல் கர்வ் என்ற பெயரில் ஒவ்வொரு டீமிலும் ஒருவரைக் கீழே தள்ளியே ஆக வேண்டும் என்று கேட்கும் நிறுவனங்களில், எதிர்த்துப் பேச நேரமில்லாதவரைத்தான் எல்லோரும் தேடுவார்கள். ஆஸ்பத்திரிக்கும் ஆபீசுக்கும் ஓடுகிறவர் வசதியாக மாட்டுவார். இந்த முறையை யார் கண்டுபிடித்தாரோ, அவர் ஐந்து பேர் கொண்ட டீமை நடத்தியதே இல்லை என்பது என் கட்சி. சரி, அது வேறு சண்டை.

அடுத்த வருட டார்கெட்டை இப்போதே மாத வாரியாக, வேலைக்கு வந்த நாளுக்கு 20 என்று எழுதி வையுங்கள். பேக்கப் யார் என்று பெயரோடு போடுங்கள். டயாலிசிஸ் நேரத்தை மாற்ற முடிகிறதா என்று ஊழியரிடம் கேட்க வேண்டாம், சென்டரில் இடம் கிடைப்பதே கஷ்டம். மாதக் கடைசி மூன்று நாளில் அவருடைய பட்டியலை முதல் நாளே எடுத்துக்கொள்ள வேறு ஒருவரைப் பழக்குங்கள்.